நாலு பேர் வரைந்தாலும் ஒரே சிறுமி: மாடல் ஷீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேள்வி: கையால் வரையும் 2டி குறும்படம் ஒன்று செய்கிறோம். நான்கு அனிமேட்டர்கள். மையக் கதாபாத்திரம் பத்து வயதுச் சிறுமி. சுருட்டை முடி, குறுக்காக மாட்டிய தோள்பை. முன், பக்கம், பின் என்று டர்ன்அரவுண்ட் வரைந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். இருந்தும் ஒவ்வொருவர் ஷாட்டிலும் வேறு வேறு சிறுமியாகத் தெரிகிறாள். ஷீட்டில் எதை விட்டுவிட்டேன்?

பதில்:

மாடல் ஷீட் என்பது ஒரு கதாபாத்திரத்தை எல்லாரும் ஒன்றுபோல வரைய உதவும் வழிகாட்டித் தாள். நீங்கள் கொடுத்த டர்ன்அரவுண்டில் இருப்பவை வரைந்து முடித்த கோடுகள். அந்தக் கோடுகள் எந்தக் கணக்கில் அங்கே வந்து விழுந்தன என்பது அதில் இல்லை. அனிமேட்டருக்குத் தேவைப்படுவது அந்தக் கணக்குதான்.

நேர் முன்பக்கம், நேர் பக்கவாட்டு, நேர் பின்பக்கம் ஆகிய மூன்றும் படத்தில் மிக அரிதாகவே வரும். சிறுமி பாதி திரும்பி நிற்பாள், குனிவாள், தன்னைவிட உயரமானவரை அண்ணாந்து பார்ப்பாள். அந்த நிலைகளைப் பற்றி உங்கள் ஷீட் எதுவும் சொல்லவில்லை. அது சொல்லாமல் விட்ட இடத்தை ஒவ்வொருவரும் அவரவர் கைப்பழக்கத்தால் நிரப்புகிறார்கள். ஒருவருக்குப் பெரிய கண் வரைந்து பழக்கம், இன்னொருவருக்கு நீளக் கழுத்து. ஆக, நாலு சிறுமிகள்.

1930களின் பிற்பகுதியில் டிஸ்னி ஸ்டுடியோவில் ஜோ கிராண்ட் தலைமையில் கதாபாத்திர மாதிரிகளுக்கென்றே ஒரு துறை இருந்தது. அவர்கள் காகித ஷீட்டோடு நிற்கவில்லை. கதாபாத்திரங்களைச் சிறு சிலைகளாகவும் செய்து அனிமேட்டர்கள் பார்த்து வரையக் கொடுத்தார்கள். சிலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது பதில் சொல்லும். காகித ஷீட்டும் முடிந்தவரை அந்த வேலையைச் செய்ய வேண்டும்: தன்னில் வரையாத கோணத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கீழே சொல்பவை எல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதலில் சிறுமியையே கொஞ்சம் திருத்துங்கள்

ஷீட்டைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. இந்தச் சிறுமி பலர் வரையக்கூடிய சிறுமிதானா? தனியாக ஒரு ஓவியத்தில் அழகாக இருக்கும் வடிவம் அனிமேஷனுக்குச் சரிப்படாமல் போகலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நிற்கிறது என்றால் நொடிக்கு 12 படங்கள். சிறுமி மொத்தம் மூன்று நிமிடம் திரையில் இருந்தால் 2160 படங்கள். சட்டையில் நீங்கள் கூடுதலாக வைக்கும் ஒரு பொத்தானை ஏறக்குறைய அத்தனை முறை வரைய வேண்டும். அத்தனை முறையும் அது இடம் மாறாமல் இருக்க வேண்டும். நாலு கைகளில் அது நகரத்தான் செய்யும். திரையில் பொத்தான் சட்டைமேல் ஊர்வது போலத் தெரியும். அதனால் ஒவ்வொரு விவரத்தையும் பார்த்து, இது இல்லாவிட்டால் இவளை அடையாளம் தெரியாதா என்று கேளுங்கள். தெரியும் என்றால் எடுத்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் பெரிய வில்லங்கம் சுருட்டை முடிதான். 'சுருட்டை முடி' என்று மட்டும் விட்டால் ஒருவர் மேகம் போல வரைவார், இன்னொருவர் ஸ்பிரிங் ஸ்பிரிங்காக வரைவார். முடியை எண்ணக்கூடிய கொத்துகளாக மாற்றுங்கள். உதாரணத்துக்கு ஐந்து: நெற்றிக்கு மேல் ஒன்று, இரண்டு காதுகளுக்கும் மேலே பக்கத்துக்கு ஒன்று, பின்னால் மேலும் கீழுமாக இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எல்லாக் கோணத்திலும் அந்த எண்ணைக் குறியுங்கள். கொத்துக்குள் சுருளைக் காட்ட அதிகபட்சம் இரண்டு கோடு. முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே திரும்பி நிற்கும் முக்கால் கோணத்தில் மூன்றாம் கொத்து மறைந்து நான்காவது எட்டிப் பார்க்கிறது என்று ஷீட்டைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். சரியா தப்பா என்பதை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதில் லாபம். 'இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது பை. இரு பக்கமும் ஒன்றுபோல இல்லாத எதுவும் பலர் வரையும்போது இடம் மாறும். யாராவது ஒரு போஸை டிஜிட்டலில் அப்படியே கண்ணாடி போலத் திருப்பிப் போட்டால், பை மறுபக்கம் போய்விடும். அதற்காகப் பையை எடுத்துவிடச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்த வார் ஒரு நல்ல உதவியாளர். உடம்பைச் சுற்றிப் போகும் எந்தக் கோடும் உடம்பின் பருமனையும் திருப்பத்தையும் காட்டிவிடும். வார் மார்பின் மேல் வளைந்து போவதைப் பார்த்தாலே உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'வார் அவளுடைய வலத் தோளில், பை அவளுடைய இட இடுப்பில்' என்று எழுதிவையுங்கள். 'அவளுடைய' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். வெறுமனே 'இடது' என்று எழுதினால் ஒருவர் திரையின் இடப்பக்கம் என்று புரிந்துகொள்வார்.

தலையளவு: எங்கிருந்து எதுவரை?

உயரத்தைத் தலையளவில் சொல்வது வழக்கம். 'நாலு தலை உயரம்' என்று உங்கள் ஷீட்டிலும் எழுதியிருப்பீர்கள். அதில் தலை என்பது மண்டை உச்சியிலிருந்து தாடை வரையா, முடியின் உச்சியிலிருந்தா? நேரான முடியில் இது பெரிய வித்தியாசம் தராது. சுருட்டை முடியில் இதுதான் எல்லாவற்றையும் கவிழ்க்கும்.

முடி மண்டைக்கு மேல் கால் தலை அளவு எழும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டையை அளவாக எடுத்தால் பாதத்திலிருந்து மண்டை உச்சி வரை 4, முடியோடு 4.25. இன்னொருவர் முடியையும் சேர்த்துத் தலை என்று எடுத்துக்கொண்டால் அவருடைய ஒரு தலை 1.25, நாலு தலை வைத்தால் 5. அதாவது ஒரே முகத்துக்கு முக்கால் தலை உயரம் கூடிவிட்டது, ஏறக்குறைய 18 சதவீதம். பத்து வயதுப் பெண் பதின்மூன்று வயதுப் பெண்ணாகிவிட்டாள். இருவருமே ஷீட்டைச் சரியாகப் பின்பற்றியதாகத்தான் நினைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

எனவே முடியில்லாத மொட்டைத் தலையோடு ஒரு படம் ஷீட்டில் இருக்கட்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்; ஆனால் நாலு பேரும் அதிகமாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் படமாகத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் அளவுக் கோடுகள்: தலை 1, தாடையிலிருந்து கால்கள் பிரியும் இடம் வரை 1.5, அங்கிருந்து பாதம் வரை 1.5. கை தொங்கினால் விரல் நுனி தொடையின் நடுவில். தோளின் மொத்த அகலம் மண்டையின் அகலத்தைத் தாண்டக்கூடாது.

இந்தக் கடைசி விதி ஏன்? ஓவியம் கற்றவர்கள் கை பெரியவர்களின் உடலளவுக்குப் பழகியிருக்கும். கவனம் தளரும்போது கை அங்கேதான் திரும்பிப் போகும்: தலை சிறுக்கும், கழுத்து நீளும், தோள் விரியும், கண்கள் மேலே ஏறும். குழந்தைக் கதாபாத்திரம் ஷீட்டிலிருந்து நழுவும்போது பெரும்பாலும் வயது கூடும் திசையில்தான் நழுவும். உங்கள் நாலு பேர் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருடைய சிறுமி மூத்தவளாகத் தெரிகிறாளோ அங்கே இந்த நான்கில் ஒன்று நடந்திருக்கும்.

முகத்தின் கட்டுமானம்

பார்ப்பவர் ஆளை அடையாளம் காண்பது முகத்தில் என்பதால் ஷீட்டில் பாதியை முகத்துக்கே கொடுக்கலாம். மண்டைக்கு ஒரு பந்து, அதன் கீழே தாடைக்கு ஒரு சிறு ஆப்பு வடிவம், பந்தின் மேல் முகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, கண்களின் மட்டத்தில் குறுக்காக ஒரு கோடு. இந்த இரண்டு கோடுகளும் பந்தின் மேல் வளைந்து போக வேண்டும். தட்டையான கோடுகளாக இருந்தால் முகம் தட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகிவிடும்.

பெரியவர்களுக்குக் கண் மட்டம் தலையின் சரிபாதியில் இருக்கும். இந்தச் சிறுமிக்கு மேலிருந்து பத்தில் ஆறு பங்கு இறங்கிய இடத்தில் வைப்போம். அந்த மட்டத்தில் முகத்தின் அகலத்தை ஏழாகப் பிரியுங்கள்: ஓரம் ஒன்று, கண் இரண்டு, இடைவெளி ஒன்று, கண் இரண்டு, ஓரம் ஒன்று. இடைவெளி அரைக் கண் அகலம்தான் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். இந்த இடைவெளியில் சிறு மாற்றம் வந்தாலும் ஆளே மாறிவிடுவாள்; மூக்கோ வாயோ கொஞ்சம் நகர்ந்தால் அவ்வளவு தெரியாது. அதனால் துல்லியம் எங்கே வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் ஷீட்டிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாமே முக்கியம் என்று எழுதினால் யாரும் எதையும் அளக்கமாட்டார்கள்.

முக்கால் கோணம் உங்களிடம் இல்லவே இல்லை. படத்தில் பாதிக்கு மேல் அதுதான் வரப்போகிறது. முன் முக்கால், பின் முக்கால் இரண்டையும் சேருங்கள். பை ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டுக்குமே வேண்டும். ஆக எட்டுக் கோணங்கள். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வரிசையாக நிறுத்தி, உச்சி, கண், தாடை, இடுப்பு, முழங்கால் வழியாகக் குறுக்குக் கோடுகளை ஓடவிடுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் கண் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் உடனே கண்ணில் படும்.

முக்கால் முகத்தில் மூன்று முடிவுகளை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். தூரத்துக் கண் எவ்வளவு குறுகும்? அருகில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைக்கலாம். தூரத்துக் கன்னத்தின் வெளிக்கோடு எங்கே உள்வாங்கும், எங்கே புடைக்கும்? கண் மட்டத்தில் உள்ளே, வாய்க்கு நேராக வெளியே. மூக்கு அந்தக் கன்னக் கோட்டைத் தாண்டி வெளியே துருத்துமா? இவளுக்குச் சின்ன மூக்கு. முக்கால் கோணத்தில் தாண்டாது, முழுப் பக்கவாட்டுக்கு மிக அருகில் வந்த பிறகுதான் தாண்டும். இந்த மூன்றையும் சொல்லாமல் விட்டால் நாலு பேரும் நாலு விதமாக முடிவெடுப்பார்கள். அதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம், தலையை மட்டும் மேலும் கீழும் சாய்த்து ஒரு வரிசை. அண்ணாந்து பார்க்கும்போது கண் மட்டக் கோடு மேல்நோக்கி வில்லாக வளையும், காதுகள் முகத்தை ஒப்பிடும்போது கீழே இறங்கும், நெற்றி சுருங்கும், தாடையின் அடிப்பகுதி தெரியும். குனியும்போது எல்லாம் தலைகீழ்: காதுகள் ஏறும், முடி முகத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், வாய்க்கும் தாடைக்கும் இடையே கிட்டத்தட்ட இடமே இருக்காது. நேர் முகத்தைக் காட்டிலும் இந்த வரிசைதான் அனிமேட்டரைக் காப்பாற்றும்.

சில விஷயங்கள் முப்பரிமாண விதிக்குக் கட்டுப்படவே கூடாது; அதையும் ஷீட்தான் சொல்ல வேண்டும். மிக்கி மவுஸின் காதுகள் இதற்குப் பழைய உதாரணம்: தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை வட்டமாகவே தெரியும்படி வரைவது மரபு. உண்மையான பொருளாக இருந்தால் பக்கவாட்டில் ஒடுங்கித் தெரிய வேண்டும். அப்படி வரைந்தால் மிக்கியாகத் தெரியாது என்பதால் உண்மையை விட்டுவிட்டார்கள். உங்கள் சிறுமிக்கு நெற்றிக்கு மேலுள்ள முதல் கொத்து எந்தக் கோணத்திலும் வெளிக்கோட்டில் எட்டிப் பார்க்க வேண்டும் என்று வைக்கலாம். நேர் பின்னாலிருந்து பார்த்தால்கூட. அதை 'ஏமாற்று' என்று குறித்து, தனிப் படமாகவே வரைந்து வையுங்கள். இல்லாவிட்டால் விஷயம் தெரிந்த அனிமேட்டர் அதைப் பிழை என்று நினைத்துத் 'திருத்தி'விடுவார்.

எது அசையும், எது அசையாது

முகபாவங்கள் பக்கத்தில் சிரிப்பு, அழுகை, கோபம் என்று பன்னிரண்டு முகங்களைப் போடுவது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு. அனிமேட்டருக்குப் பாவனை வரையத் தெரியும். எல்லை எது என்பதுதான் தெரியாது. நான் பரிந்துரைப்பது, இரண்டு உச்சங்களை வரைந்து காட்டுங்கள் என்பதே. வாய் எவ்வளவு அகலத் திறக்கும் என்று ஒரு முகம், முகம் எவ்வளவு இறுகும் என்று ஒரு முகம். பக்கத்தில் விதி: கண் மட்டத்துக்கு மேலே மண்டை எலும்பு, அது நீளாது சுருங்காது. கீழே தாடை, அது அலறும்போது கால் தலை வரை இறங்கலாம். கன்னம் ஏறினால் கீழ் இமை மேலே தள்ளப்படும். புருவம் முன்முடிக்குள் புகலாமா கூடாதா? பற்களுக்கு இடையே கோடு உண்டா? இல்லை, ஒரே வெள்ளைப் பட்டை. இந்த எல்லைகளுக்குள் ஆளாளுக்குத் தன் நடிப்பைக் கொண்டுவரட்டும். அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் நல்ல அனிமேட்டர் சோர்ந்துபோவார், படமும் உயிரில்லாமல் இருக்கும்.

வசனம் இருந்தால் வாய் வடிவங்களின் அட்டவணை ஒன்று வேண்டும். அதை முக்கால் கோணத்திலும் சேர்த்து வரைந்துவிடுங்கள்; அதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

பலர் யோசிக்காத ஒரு பக்கம் உண்டு: சிறுமி தூரத்தில் இருக்கும்போது எப்படி வரைவது என்பது. குளோஸ்-அப்பில் இருக்கும் இமை முடி, பையின் கொக்கி, சுருள் கோடுகள் எல்லாவற்றையும் லாங் ஷாட்டில் திணித்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். எதை விடுவது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுத்தால் அங்கேயும் ஆள் மாறுவாள். மூன்று நிலைகள் போதும். திரை உயரத்தில் பாதிக்கு மேல் நின்றால் எல்லா விவரமும். பாதியிலிருந்து கால் பங்கு வரை என்றால் இமை முடியும் கொக்கியும் கிடையாது, கொத்துக்குள் ஒரே ஒரு சுருள் கோடு. கால் பங்குக்குக் கீழே போனால் கண் இரண்டு புள்ளி, முடிக்கு வெளிக்கோடு மட்டும். கோட்டின் தடிமனையும் நிலைக்கு ஒன்றாக எழுதி, வரையும் மென்பொருளில் எந்தப் பிரஷ், எத்தனை பிக்சல் என்றே குறித்துவிடுங்கள். உருவம் சரியாக இருந்தும் கோட்டின் தடிமன் மாறியதால் மட்டுமே வேறு ஆள் போலத் தெரிவது உண்டு.

ஷீட்டைச் சோதிப்பது

இத்தனையும் வரைந்த பிறகு ஷீட் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வரைந்தவருக்கு அது எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் சிறுமி அவர் மனதில் இருக்கிறாள். அதனால் வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை வையுங்கள்.

ஷீட்டில் இல்லாத மூன்று நிலைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, முக்கால் பின்னாலிருந்து ஓடுவது. இரண்டு, அண்ணாந்து பார்த்துச் சிரிப்பது, கேமரா அவள் இடுப்பு மட்டத்தில். மூன்று, தரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துத் துழாவுவது. நாலு பேரும் தனித்தனியாக, ஒருவருடையதை ஒருவர் பார்க்காமல், ஷீட்டை மட்டும் வைத்து வரையட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லக்கூடாது. அவர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஷீட்டில் உள்ள ஒரு ஓட்டை.

பிறகு ஒரே நிலையின் நாலு படங்களையும் நாலு லேயராக வைத்து, ஆளுக்கொரு நிறம் கொடுத்து, மண்டைப் பந்து ஒரே அளவுக்கு வரும்படி பெரிதாக்கியோ சிறிதாக்கியோ ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். ஒபாசிட்டி 50 சதவீதம். போஸ்கள் சற்று வேறுபடும், அது பரவாயில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது முகத்தின் உள் இடைவெளிகளையும் உடல் பாகங்களின் நீளத்தையும்.

இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். ஓடும் நிலையில் நாலு பேரின் தலையும் உடலும் ஒத்துப்போகின்றன, ஆனால் பின்கொத்துகள் இரண்டும் நாலு இடத்தில் பறக்கின்றன. கோளாறு ஆட்களிடம் இல்லை, ஷீட்டில். அசையாத முடியை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். ஓடும்போது எந்தக் கொத்து ஆடும், எது மண்டையோடு ஒட்டியிருக்கும், ஆடுவது எவ்வளவு நீளலாம் என்று ஒரு படம் சேர்க்க வேண்டும். அண்ணாந்து பார்க்கும் நிலையில் மூன்று பேர் ஒத்துப்போகிறார்கள், ஒருவர் மட்டும் காதைக் கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறார். ஷீட்டில் அது இருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் போதும், ஷீட்டைத் தொட வேண்டாம். மூன்றாவது நிலையில் இரண்டு பேர் வாரைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டார்கள், இரண்டு பேர் மாட்டியபடியே வைத்திருக்கிறார்கள். இது வரைதல் பிரச்சினையே இல்லை, இயக்குநர் எடுக்க வேண்டிய முடிவு. அவள் படம் முழுக்கப் பையைக் கழற்றுகிறாளா இல்லையா? பதிலை வாங்கி எழுதுங்கள்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் சோதனையின் பயன். எல்லாரும் ஒரே இடத்தில் சிதறினால் ஷீட்டைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் விலகினால் அவரோடு பேசுங்கள். பாதிப் பாதியாகப் பிரிந்தால் அங்கே யாரோ ஒரு முடிவை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சோதனையில் தோற்ற படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் நாலைந்தை எடுத்து, யார் வரைந்தது என்று தெரியாதபடி மறுபடி வரைந்து, 'இப்படி வேண்டாம்' என்று ஒரு பக்கம் செய்யுங்கள்: தோள் விரிந்தது, கண் ஏறியது, முடி மேகமானது, பை பக்கம் மாறியது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரியானது. இது கற்பனைப் பிழைகளின் பட்டியல் இல்லை, இந்தக் குழுவின் கை உண்மையில் எங்கே நழுவுகிறதோ அதன் பட்டியல்.

ஷீட்டால் முடியாதவை

எவ்வளவு நல்ல ஷீட்டாக இருந்தாலும் கொஞ்சம் நழுவல் இருக்கத்தான் செய்யும். ஜப்பானிய ஸ்டுடியோக்களில் இதற்கென்றே சகுகா கந்தோகு என்ற பொறுப்பு உண்டு. பலர் வரைந்த கீ படங்களின், அதாவது ஓர் அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் படங்களின் மேல் தனித் தாளை வைத்து, முகத்தையும் அளவையும் அவர் திருத்தி வரைவார். அந்தத் திருத்தத்தை வைத்துத்தான் அடுத்த கட்டம் போகும். டிஸ்னி பாணியில் வேறு வழி: மைய கதாபாத்திரத்துக்கு ஒரு மேற்பார்வை அனிமேட்டர், மற்றவர்கள் அவரைப் பின்பற்றுவார்கள். நாலு பேர் குழுவுக்கு முதல் வழி எளிது. உங்களில் ஒருவர், அநேகமாக நீங்களே, எல்லாருடைய கீ படங்களையும், அவற்றுக்கு இடைப்பட்ட படங்களை வரையும் இன்பிட்வீன் வேலை தொடங்கும் முன் பார்த்துவிட வேண்டும். 'தொடங்கும் முன்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு ஷாட்டில் ஆறு கீ படங்களைத் திருத்துவது சில மணி நேர வேலை. இடையில் நாற்பது படங்கள் வந்துவிட்ட பிறகு யாருக்கும் திருத்த மனம் வராது.

அதே சமயம் எல்லா ஃபிரேமையும் அளவுகோல் வைத்துப் பார்க்காதீர்கள். வேகமான திருப்பத்தில் ஒரே ஒரு படம் மட்டும் முகம் இழுபட்டு, கண் மூன்றாகத் தெரிந்தால் அது வேண்டுமென்றே செய்யும் உத்தி. கண்ணுக்கு அது வேகமாகத்தான் தெரியும். நடிப்பு நின்று நிலைக்கும் படங்கள், அதாவது பார்ப்பவர் முகத்தைப் படிக்க நேரம் கிடைக்கும் படங்கள், ஷீட்டோடு ஒத்துப்போனால் போதும். இழுபட்ட படத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கீ படங்களைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு நிர்வாக விஷயம். வேலை நடக்க நடக்க ஷீட் மாறும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பதிப்பு எண்ணையும் தேதியையும் போடுங்கள், நிறங்களை வெறும் கட்டங்களாக விடாமல் அவற்றின் குறியீட்டு எண்ணோடு எழுதுங்கள், எல்லாரும் ஒரே பகிர்ந்த ஃபோல்டரில் உள்ள ஒரே கோப்பைத் திறக்கட்டும். புதிய பதிப்பு வந்ததும் பழையதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு நாலு பேரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் பழைய ஷீட்டை அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டியிருப்பவர் ஒருவராவது இருப்பார். ஏற்கெனவே முடிந்த ஷாட்களில் எவற்றைத் திருத்துவது என்று கேட்டால், முகம் பெரிதாகத் தெரியும் ஷாட்களையும், இரண்டு அனிமேட்டர்களின் ஷாட்கள் அடுத்தடுத்து வெட்டப்படும் இடங்களையும் முதலில் எடுங்கள்.